அந்த வண்டு அவர்களுடைய வீட்டில் பிறக்கவில்லை



நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்துவிட்டு எங்களோடு கோபிப்பதென்றாலும் கோபியுங்கள்.

கடந்த மாரியில் நிவாரணம் கொடுத்த குழுவில் நாங்களும் இருந்தோம். ஆசிரியர்கள் 6 பேர், பள்ளி நிருவாகத்தில் சிலர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய ஊர்ப் பிள்ளைகள். கொடுத்து மூன்று கிழமை ஆகுமுன்னரே ஒரு பேச்சு ஊருக்குள் சுற்றத் தொடங்கிவிட்டது. "குடுத்த அரிசிய வண்டுக்குத்தான் போட்டிருக்காங்க. வெச்சித் தின்னத் தெரியாத சனம்." இதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். கொடுத்தவர்கள்தான் சொன்னார்கள். எங்களுடைய குழுவிலேயே ஒரு ஹாஜியார், அடுத்த முறை அரிசி வேண்டாம், காசாகவும் வேண்டாம், சமைத்த சாப்பாடாகவே கொடுப்போம் என்றார். அந்தப் பெண்களுக்கு ஒரு மூடை அரிசியை நம்பிக் கொடுக்க முடியாதாம்.

அதனால்தான் எழுதுகிறோம். வண்டு வந்தது உண்மை. அது எங்கே பிறந்தது என்பதில்தான் ஊர் பிழையாகப் பேசுகிறது. நாங்கள் கணக்குப் பார்த்தோம். கணக்கு எங்கள் தலையில்தான் வந்து விழுந்தது.

நடந்ததை அப்படியே சொல்கிறோம். நவம்பர் 28ஆம் திகதி 25 கிலோ மூடைகள் 40 வந்து இறங்கின. நாட்டரிசி, ஆலையிலிருந்து நேராக. பாடசாலையின் ஓர் ஓரத்து வகுப்பறையை வாங்கிக்கொண்டோம். வெறும் சீமெந்துத் தரையில், சுவரோடு சாய்த்து, மூடைக்கு மேல் மூடையாக அடுக்கினோம். வெளியே மழை. சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. அதே அறையின் மூலையில், நோன்பில் பித்ரா கொடுத்து மிஞ்சிய அரைமூடை அரிசி எட்டு மாதமாகக் கிடந்தது. யாரும் அதை எடுத்துப் போடவில்லை. பட்டியல் தயாரிக்க, கிராம சேவகரிடம் உறுதிப்படுத்த, படம் எடுக்க ஆளைக் கூப்பிட என்று டிசம்பர் 20 ஆகிவிட்டது. அன்று 5 கிலோ அரிசி, 2 கிலோ கோதுமை மா, 1 கிலோ மைசூர்ப் பருப்பு எனப் பிரித்து, ஷொப்பிங் பேக்கில் கட்டி 200 வீடுகளுக்குக் கொடுத்தோம்.

ஜனவரி 10 அளவில் முதலாவது தாய் வந்தார். எங்களிடம் படிக்கும் பிள்ளையின் உம்மா. பையைத் திறந்து காட்டினார். "டீச்சர், நான் வாளிக்குள்ள மூடித்தான் வெச்சன். எங்கால வந்திச்செண்டு தெரியல்ல." அவருடைய முகத்தில் இருந்தது கோபம் அல்ல, வெட்கம். அவர் ஏதோ களவு செய்து பிடிபட்டவர் போல நின்றார். பின்னர் ஒருவர், இருவர் என ஒரு கிழமைக்குள் பலர் வந்தார்கள்.

இப்போது அந்த வண்டைப் பற்றிக் கொஞ்சம். அரிசியில் வருகிற, முன்னால் மூக்கு நீண்ட கறுத்த சிறு வண்டு அரிசிக்கு மேலே முட்டை இடுவதில்லை. பெண் வண்டு அந்த மூக்கால் அரிசி மணியில் சிறு குழி தோண்டி, அதற்குள் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒன்றால் குழியை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அது நல்ல அரிசி. சுளகில் புடைத்தாலும் நல்ல அரிசி. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுப் பொறுக்கினாலும் நல்ல அரிசி. முட்டை பொரித்து, புழு மணிக்குள்ளேயே மாவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஒரு துளை போட்டு வெளியே வரும்போதுதான் நாங்கள் முதன்முதலாகக் காண்கிறோம். எங்களுடைய மாரிச் சூட்டுக்கு முட்டையிலிருந்து வெளியே வருவதற்கு நான்கு, ஐந்து கிழமை எடுக்கும்.

எண்ணிப் பாருங்கள். ஜனவரி 10இலிருந்து நான்கு கிழமை பின்னால் போனால் டிசம்பர் 13. ஐந்து கிழமை போனால் டிசம்பர் 6. இரண்டு நாளிலும் அந்த அரிசி எங்கே இருந்தது? எங்களுடைய பூட்டு, எங்களுடைய திறப்பு, எங்களுடைய அறை. அந்தத் தாய் கையில் வாங்கிய அன்றே பிள்ளைக்கு ஆக்கிக் கொடுத்திருந்தாலும் புழுவோடுதான் ஆக்கியிருப்பார். அவருடைய வாளிக்குள் அன்றைக்கே ஒரு வண்டு புகுந்து முட்டை இட்டிருந்தால்கூட, அதன் குஞ்சு ஜனவரி 17க்கு முன்னர் வெளியே வந்திருக்காது.

உடனே ஒருவர் கேட்டார், வீட்டில் முன்பே இருந்த அரிசியிலிருந்து வளர்ந்த வண்டு நடந்து வந்திருக்கலாமே என்று. நல்ல கேள்வி. ஆனால் நாங்கள் கொடுத்ததே வெள்ளத்தில் எல்லாம் போன வீடுகளுக்கு. அடுப்படியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வீட்டில் பழைய அரிசி எங்கே இருக்கும்? போதாதற்கு, வராதவர்களுக்கென்று நாங்கள் ஒதுக்கிய 3 பொதிகள் அந்த அறையிலேயே கிடந்தன. எவருடைய வீட்டுக்கும் போகாத பொதிகள். ஹாஜியாருக்கு முன்னால் அவிழ்த்தோம். அவற்றிலும் அதே வண்டு. பாதிக்கு மேல் இன்னும் கறுக்காத, செம்பழுப்பு நிறத்தில் இருந்தன. மணியிலிருந்து புதிதாக வந்தவை அப்படித்தான் இருக்கும், நாள் போகத்தான் கறுக்கும்.

அத்தோடும் விடவில்லை. அந்தப் பொதியில் அரைக் கிலோவை அரிதட்டில் நன்றாக அரித்து, ஓடுகிற ஒரு வண்டும் இல்லாமல் எடுத்து, ஒரு ஜேம் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய சீலையால் கட்டி ஆசிரியர் அறையில் வைத்தோம். இரண்டு கிழமைக்குள் போத்தலுக்குள் மறுபடியும் வண்டு. வெளியிலிருந்து ஒன்றும் போக வழியில்லை. எல்லாம் மணிக்குள் இருந்தவை. தரம் 7 பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். யாராவது உங்களிடம் "அரிச்சிப் போட்டா வண்டு போயிரும்" என்று சொன்னால் இந்தப் போத்தலைச் செய்து காட்டுங்கள். ஒரு சதம் செலவில்லை.

மழைக்காலம் ஏன் இதற்குத் தோதாக இருக்கிறது? அரிசி காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். ஆலையிலிருந்து நன்றாகக் காய்ந்து வந்த அரிசியும், வாய் திறந்து, சீமெந்துத் தரையில் மூன்று கிழமை கிடந்தால், அந்தக் காற்றளவுக்கு ஈரமாகிவிடும். வண்டுக்கு மணி ஈரமாக இருந்தால்தான் தோண்டவும் தின்னவும் இலகு. நன்றாகக் காய்ந்த அரிசியில் அதன் பெருக்கம் மெதுவாகும், மிகவும் காய்ந்ததில் நின்றேவிடும். நாங்கள் விற்கிற நெய்த பிளாஸ்ரிக் மூடைகளில் வாங்குகிறோமே, அவை காற்றை மறிக்காது. ஷொப்பிங் பேக்கோ அதைவிட மோசம். அந்த மெல்லிய பொலித்தீனை வண்டு துளைத்துக்கொண்டு போகும்.

எனவே முதல் சண்டை கொடுக்கிறவர்களோடு. எங்களோடும்தான்.

அரிசி இறங்க முன்னர் அறையைக் கூட்டுங்கள். மூலையில் கிடக்கிற பழைய மூடையை வெளியே எடுங்கள். எங்களுடைய 40 மூடைக்கும் வண்டு கொடுத்தது பெரும்பாலும் அந்த பித்ரா அரிசிதான். இந்த வண்டு நடக்கும், சுவர் ஏறும், பறக்கவும் செய்யும். வெடிப்புகளில் சிந்திக் கிடக்கிற நான்கு மணி போதும் அதற்கு. மூடையைத் தரையில் வைக்காதீர்கள். வகுப்பறையில் வாங்குகள் இருக்கின்றனவே, அவற்றைக் கவிழ்த்தோ நிமிர்த்தோ போட்டு அதற்கு மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், பின்னால் ஆள் போய்ப் பார்க்கிற அளவுக்கு. நான்கு நாளைக்கு ஒருமுறை நடு மூடைக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாக இருந்தால் ஒன்று ஈரம், அல்லது பூச்சி, அல்லது இரண்டும். மூடையின் தையலிலும் காதிலும் வெள்ளை மாத்தூள் படிந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, நாள். அரிசி வந்த நாளுக்கும் கொடுக்கிற நாளுக்கும் இடையில் 22 நாட்கள் விட்டோம். பட்டியல் எழுதவா அந்த 22 நாட்கள்? பாதி நாள் படம் எடுக்கிற ஆளுக்காகவும் பெரிய மனிதர் ஒருவர் வருவதற்காகவும் காத்திருந்தோம். பட்டியலை முதலில் எழுதிவிட்டு அரிசியைப் பிறகு இறக்கியிருக்கலாம். இறங்கிய மறுநாள் கொடுத்திருக்கலாம். 25 கிலோ மூடையைப் பிரிக்காமல், ஐந்து வீட்டுக்கு ஒரு மூடை என அயலவர்களிடம் ஒப்படைத்திருந்தால், அவர்கள் அளந்து பிரித்திருப்பார்கள். அவர்களுக்குக் கொத்தால் அளக்கத் தெரியாதா என்ன?

இப்போது வீட்டுப் பக்கம். இங்கேயும் சில சண்டைகள் இருக்கின்றன, ஏனெனில் எங்களுடைய மூத்தம்மாக்கள் சொன்னதென்று சொல்லி எல்லாவற்றையும் ஏற்க நாங்கள் தயாரில்லை. மூத்தம்மாக்கள் பெரும்பாலும் வைத்தது நெல்லாக. உமி முழுதாக இருக்கிற நெல்லுக்குள் இந்த மூக்கு வண்டு இலகுவில் போகாது. அந்துப்பூச்சி போகும், அது வேறு கதை. வேண்டிய அளவுக்கு மட்டும் குத்தி எடுத்தார்கள். அவர்களுடைய நெல்லுக்குச் சரியாக இருந்த வேப்பிலை, எங்களுடைய வெள்ளை அரிசிக்கும் சரி என்பதில் நியாயமில்லை. காய்ந்த மிளகாய், வேப்பிலை, கிராம்பு மணத்துக்கு வெளியிலிருந்து வருகிற வண்டு கொஞ்சம் விலகலாம். மணிக்குள் அடைபட்டிருக்கிற புழுவுக்கு அந்த மணம் ஒன்றும் செய்யாது. பச்சை வேப்பிலையைப் போட்டால் அதன் ஈரமும் அரிசிக்குத்தான் போகும். உப்பு போடுவோரும் இருக்கிறார்கள். மாரியில் உப்பு கசிவதை எந்த அடுப்படியில் காணவில்லை? அரிசியையும் சேர்த்து ஈரமாக்கும்.

வெயிலில் காயப்போடுவதும் அப்படித்தான். ஓடுகிற வண்டுகள் நிழல் தேடிப் போய்விடும், பார்ப்பதற்கு அரிசி சுத்தமாகிவிடும். மணிக்குள் இருப்பவை சாக வேண்டுமென்றால் பாயில் பரப்பிய அரிசிக்குக் கிடைக்காத சூடு வேண்டும். ஜனவரி வெயிலோ மேகத்துக்குள் போய்ப்போய் வருகிறது. மாலையில் அள்ளி வைக்கும்போது அரிசி காலையில் இருந்ததைவிட ஈரமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. வெயிலில் வெடித்த மணி குறுநொய்யாகும். அந்தத் தூள்தான் அடுத்து வருகிற செம்பூச்சிகளுக்குச் சாப்பாடு.

சரி, என்னதான் செய்வது? அரிசி காய்ந்திருக்க வேண்டும், காற்றுப் போகாத பாத்திரத்தில் இருக்க வேண்டும், பாத்திரம் நிறைந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டுக்கும் பலன் குறைவு.

காய்ந்திருக்கிறதா என்று பார்க்க மெசின் வேண்டாம். ஒரு கரண்டி உப்பைச் சட்டியில் போட்டு ஈரம் போக வறுத்து, ஆறவிட்டு எடுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு அரிசி போட்டு, அந்த உப்பையும் போட்டு, மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டாமல் அடியில் விழுந்தால் அரிசி காய்ந்தது, வைக்கலாம். சுவரில் ஒட்டினால் ஈரம். அந்த அரிசியை மூடி அடைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். அதை முதலில் ஆக்கித் தின்று தீருங்கள்.

பாத்திரத்துக்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் ஏறத்தாழ 4 கிலோ அரிசி பிடிக்கும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். கழுவி, இரண்டு நாள் வாயைக் கவிழ்த்துக் காயவிட்டு, உள்ளே ஒரு சொட்டும் இல்லை என்று கண்ட பின்னர் நிரப்புங்கள். நிரப்பும்போது போத்தலைத் தரையில் தட்டித் தட்டி, கழுத்து மட்டும் நிறையுங்கள். மூடியை இறுக்குங்கள். உள்ளே மணியில் வண்டு இருந்தாலும் அது மூச்சு விட்டு அங்கிருக்கிற கொஞ்சக் காற்றையும் முடிக்கும், பிறகு வளராது, நாள் போனால் சாகும். இதனால்தான் நிறைய வேண்டும் என்கிறோம். பாதி வெறுமையாக இருக்கிற பெரிய வாளியில் அவற்றுக்கு மாதக்கணக்குக்குக் காற்று உண்டு. அந்தத் தாயின் வாளி மூடியிருந்தது, உண்மை. ஆனால் 20 லீற்றர் பெயின்ற் வாளிக்குள் 5 கிலோ அரிசி, அதையும் ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்து மூட வேண்டும். நான்கு சிறிய போத்தல்களாக இருந்திருந்தால் ஒன்று திறக்க மூன்று மூடியே கிடந்திருக்கும். போத்தலில் திகதியை எழுதி ஒட்டுங்கள், பழையது முதலில் முடியட்டும். மிஞ்சிய பழைய அரிசிக்கு மேல் புதிய அரிசியைக் கொட்டுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் ஆழ் உறைநிலைப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கிலோ, இரண்டு கிலோப் பொதியாக இறுக்கிக் கட்டி, இறைச்சி உறைகிற தட்டில் ஒரு கிழமை வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். பிரிட்ஜின் கீழ்த்தட்டுப் போதாது, அந்தக் குளிரில் தூங்கிவிட்டு வெளியே வந்ததும் எழும்பும். இதில் எல்லோரும் விடுகிற பிழை ஒன்று உண்டு. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பொதியை அவிழ்க்கிறார்கள். மாரிக் காற்று அந்தக் குளிர்ந்த அரிசியில் பட்டதும் தண்ணீராக வியர்க்கும். அவிழ்க்காமல் ஒரு இரவு வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பின்னர் போத்தலில் மாற்றுங்கள். பெட்டி இல்லாத வீடுகளே அதிகம், அவர்களுக்கு நிறைந்த போத்தல் போதும்.

ஏற்கெனவே வண்டு வந்த அரிசி? அது நஞ்சல்ல. சுளகில் புடைத்து, கழுவும்போது மிதக்கிற வெறுமணிகளை ஊற்றிவிட்டு ஆக்கலாம். புடைத்ததை வாசலில் தட்டாதீர்கள், திரும்பி நடந்து வரும். எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். மீதியை நிறைத்து அடைத்து, முதலில் அதையே ஆக்குங்கள்.

மாவிலும் பருப்பிலும் வருவது வேறு ஆட்கள். மாவில் ஓடுகிற செம்பழுப்புத் தட்டைப் பூச்சி முழு அரிசியைத் துளைக்காது, தூளிலும் நொய்யிலும்தான் வாழும். முட்டை மாவில் கலந்து கிடக்கும், அரித்தாலும் ஓட்டைக்குள்ளால் விழும். அது அதிகமானால் மா லேசாக இளஞ்சிவப்பாகி, மூக்கைப் பிடிக்கிற ஒரு மணம் வரும். அந்த மாவைப் பாராட்டாக வைத்திருக்காமல் எறியுங்கள், ரொட்டி சுட்டாலும் அந்த மணம் போகாது. மாரியில் கோதுமை மா கிலோக் கணக்கில்தான் வாங்க வேண்டும். இடியப்ப மாவுக்கு எங்களுடைய வழக்கமே நல்லது, வறுக்கும்போது எல்லாம் செத்துவிடும். ஆனால் முழுதாக ஆற முன்னர் ரின்னில் போட்டு மூடினால் மூடியில் ஆவி பிடித்து, அந்தத் தண்ணீர் மாவிலேயே சொட்டிக் கட்டியாகும். பாயில் பரப்பி, உள்ளங்கையில் சூடே தெரியாத வரை விடுங்கள்.

மைசூர்ப் பருப்பில் பொதுவாகக் காண்பது நூல் கட்டிய கட்டிகள். பருப்பு மணிகள் சிலந்தி வலையில் மாட்டியது போல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அந்துப்பூச்சியின் புழு உள்ளே இருக்கிறது. இரவில் அடுப்படியில் சாம்பல் நிறச் சிறு பூச்சி தடுமாறிப் பறந்தால் அதுதான் தாய். கௌப்பி, பயறு போன்ற முழுத் தானியத்தில் வருவது இன்னொன்று. மணியின் தோலில் பேன் முட்டை போல வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும், புழு அதிலிருந்து நேரே உள்ளே துளைக்கும். இது வயலிலேயே தொற்றி வரும், கடைக்காரரோடும் சண்டை வேண்டாம். ஒரு கிலோ கௌப்பிக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றி எல்லா மணியிலும் படும்படி பிரட்டி வைத்தால் அந்த முட்டைகள் பெரும்பாலும் பொரிக்காது. ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடியுங்கள், எண்ணெய் காறும்.

கடைசிச் சண்டை கொஞ்சம் கடுமையானது. வண்டுக் கதை வந்தபோது எங்களுடைய வாட்சப் குழுவில் ஒருவர் எழுதினார்: "ஆலையில வெக்கிற மாத்திரை ரெண்டு போட்டா ஒரு வண்டும் மிஞ்சாது." இன்னொருவர் எங்கே வாங்கலாம் என்று கேட்டார். அதற்கு மூன்று பேர் பதில் போட்டார்கள். நாங்கள் அன்று இரவு தூங்கவில்லை.

அந்தச் சாம்பல் நிற மாத்திரை அலுமினியம் பொஸ்பைட். காற்றின் ஈரம் பட்டதும் பொஸ்பீன் என்கிற நச்சு வாயுவை விடும். பெரிய களஞ்சியங்களில், பயிற்சி பெற்றவர்கள், தார்ப்பாயால் மூடி, ஆட்களை வெளியேற்றி, நாட்கணக்கில் பூட்டி வைத்துப் பயன்படுத்துகிற சாமான் அது. மழைக்காலத்தில் இன்னும் வேகமாக வாயு விடும். நெய்த மூடை அந்த வாயுவை மறிக்காது, கதவுக்குக் கீழாலும் ஓட்டுக் கூரைக்கு மேலாலும் பக்கத்து அறைக்குப் போகும். எங்களுடைய வீடுகளில் அரிசி இருப்பது எங்கே? பிள்ளைகள் படுக்கிற அறையின் கட்டிலுக்குக் கீழே. உள்ளி போலவோ அழுகிய மீன் போலவோ மணக்கலாம், மணமே தெரியாமலும் இருக்கலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அரிசி வைத்த வீட்டில் பலருக்கு ஒன்றாகத் தலையிடி, சத்தி, நெஞ்சடைப்பு என்று வந்தால் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளியே எடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், மாத்திரை வைத்த விடயத்தை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூடையில் ஏற்கெனவே போட்டிருந்தால் கையால் தேடி எடுக்கவும் போகாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். வீட்டைத் திறந்துவிட்டு வெளியேறி, தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

வண்டு தின்றால் போவது ஒரு கொத்து அரிசி. அந்த ஒரு கொத்துக்காக இந்த மாத்திரையை வீட்டுக்குள் கொண்டு வருகிற அளவுக்கு ஒரு பெண்ணை வெட்கப்பட வைத்தது யார்? "வெச்சித் தின்னத் தெரியாத சனம்" என்று சொன்ன வாய்கள்தான். அடுத்த முறை அவர் வண்டைக் கண்டால் எங்களிடம் கொண்டு வந்து காட்டமாட்டார். ஆலைக்காரரிடம் போய் மாத்திரை கேட்பார்.

எங்களிடம் வந்த அந்த உம்மாவுக்கு ஜனவரியில் வேறு அரிசி கொடுத்தோம், நான்கு போத்தல்களில் நிரப்பி. ஹாஜியாரும் கூட வந்தார். ஜேம் போத்தலையும் பார்த்த பிறகு சமைத்த சாப்பாட்டுக் கதையை அவர் எடுக்கவில்லை. வருகிற நோன்புக்கு பித்ரா அரிசி சேர்க்கும்போது, வீடு வீடாக வருகிற சின்னச் சின்னப் பைகளை ஒரே மூடையில் கொட்டுவதில்லை என்று குழுவில் முடிவெடுத்திருக்கிறோம். நூறு வீட்டு அரிசியில் ஒரு வீட்டு வண்டு போதும். வந்த பை வந்தபடியே, பெருநாள் இரவுக்குள் போக வேண்டிய வீட்டுக்குப் போகும். ஓரத்து வகுப்பறை இப்போது வெறுமையாக இருக்கிறது, வெடிப்புகளுக்குச் சீமெந்து பூச வேண்டும். 5 லீற்றர் வெற்றுப் போத்தல் வைத்திருப்பவர்கள் குப்பையில் போடாமல் மூடியோடு பாடசாலைக்கு அனுப்புங்கள். காலை 7 மணியிலிருந்து ஆள் இருக்கும்.